வீல் உத்தி: சந்தை இறங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்கச் சந்தையில் வீல் ஆடுபவர்கள் செய்வது இதுதான். பிடித்த ஒரு பங்கில், இன்றைய விலைக்குச் சற்றுக் கீழே ஒரு புட் விற்கிறார்கள், அதாவது அந்த விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்வதாக உறுதி கொடுத்து, அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் வாங்குகிறார்கள். பங்கு வந்து சேர்ந்தால் வாங்கிக்கொள்ள முழுப் பணமும் கணக்கில் கிடக்கும். அதனால்தான் அதற்குக் கேஷ் செக்யூர்டு புட் என்று பெயர். ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரியில் விலை, பேசிய விலையான ஸ்ட்ரைக்குக்கு மேல் நின்றால் பிரீமியம் லாபம். கீழே போனால் 100 பங்குகள் தலையில் விழும். பிறகு அந்தப் பங்குகளின் மேல் கவர்டு கால் விற்பார்கள், அதாவது குறித்த விலைக்கு அவற்றைக் கொடுத்துவிடுவதாக உறுதி தந்து மறுபடி பிரீமியம் வாங்குவார்கள். விலை ஏறி பங்கு கையை விட்டுப் போனதும் மறுபடி புட். இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வீல்.

முதல் தவறு இங்கேயே ஆரம்பமாகிறது: புட்டையும் காலையும் இரண்டு வெவ்வேறு வேலைகளாக நினைப்பது. 48 டாலர் ஸ்ட்ரைக்கில் பணத்தை வைத்துக்கொண்டு புட் விற்பதும், பங்கை வாங்கி அதே 48 ஸ்ட்ரைக்கில், அதே எக்ஸ்பைரிக்குக் கால் விற்பதும் லாப நஷ்டக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலும் மேல்பக்க லாபம் பிரீமியத்தோடு நின்றுவிடும். கீழ்ப்பக்க நஷ்டம் முழுவதும் உங்களுடையது. ஆக, சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் நீங்கள் நிற்கும் இடம் மாறுவதில்லை. பங்கு அசைன் ஆகி, கைக்கு வந்து சேர்ந்த பிறகு "இப்போது அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம்" என்ற நிம்மதிக்குக் கணக்கில் ஆதாரம் கிடையாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. பங்கு விலை 50 டாலர். மாதா மாதம் 48 புட் விற்கிறீர்கள், பிரீமியம் 1 டாலர், அதாவது ஒரு ஒப்பந்தத்துக்கு 100 டாலர். மூன்று மாதம் விலை 50-ஐ ஒட்டியே நிற்கிறது. 300 டாலர் சேர்கிறது. நான்காம் மாதமும் 100 வாங்குகிறீர்கள், ஆனால் பங்கு 38-க்கு விழுகிறது. 4,800 டாலர் கொடுத்து, 3,800 பெறுமான பங்கை வாங்கியாக வேண்டும். நாலு மாதப் பிரீமியம் 400 போக, நிகர நஷ்டம் 600.

இந்த இடத்தில்தான் வீல் சிக்கிக்கொள்கிறது. வாங்கிய விலையான 48-லேயே கால் விற்கலாம் என்றால், 38-ல் நிற்கும் பங்குக்கு ஒரு மாத 48 காலில் சில சென்ட்தான் தேறும். கமிஷன் போனால் மிச்சம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பிரீமியம் வேண்டுமென்றால் ஸ்ட்ரைக்கைக் கீழே இறக்க வேண்டும். 40 ஸ்ட்ரைக்குக்கு 1 டாலர் கிடைக்கிறது, விற்றுவிடுகிறீர்கள். அந்த மாதம் பங்கு 46-க்கு மீள்கிறது. உங்கள் பங்கு 40-க்குப் போய்விட்டது. 48-க்கு வாங்கி 40-க்கு விற்றதில் 800 நஷ்டம், மொத்தப் பிரீமியம் 500. நிகரம் 300 நஷ்டம். அடுத்து 44 புட் விற்று 100 வாங்குகிறீர்கள், பங்கு 50-க்கே திரும்பிவிடுகிறது. முதல் நாளே 50-க்குப் பங்கை வாங்கிச் சும்மா இருந்தவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆறு மாதமும் பிரீமியம் வாங்கிய உங்களுக்கு 200 டாலர் நஷ்டம்.

ஆக, விழுவதை மட்டும் பார்த்தால் வீல் ஆடுபவர் பங்கை வைத்திருப்பவரைவிடச் சற்றுத் தேவலைதான். பிரீமியம் கொஞ்சம் மெத்தையாக இருக்கிறது. அடி விழுவது மீளும்போது. இறக்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஏற்றத்தில் பாதியிலேயே இறங்கிவிடுகிறோம். 2020-ல் இது பெரிய அளவில் தெரிந்தது. பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23-க்குள் எஸ் அண்ட் பி 500 சுமார் 34 சதவீதம் விழுந்து, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டது. டிவிடெண்டோடு சேர்த்து அந்த ஆண்டு சுமார் 18 சதவீதம் லாபம். அதே குறியீட்டின் மேல் மாதா மாதம் கால் விற்பதை அளக்கும் BXM குறியீடோ ஆண்டை நஷ்டத்தில் முடித்தது.

இந்த நஷ்டத்தைக் கண்ணில் படாமல் மறைப்பது ஒரு கணக்கு வழக்கம். வாங்கிய விலையிலிருந்து பிரீமியத்தைக் கழித்துக் கழித்து, "என் அடக்க விலை 48 இல்லை, 44" என்று எழுதி வைப்பார்கள். 44-க்கு மேல் விற்றால் லாபம் என்பது பொய்யில்லை. ஆனால் பங்கு இன்று 38 என்பதை அது சொல்வதே இல்லை. இதைவிட மோசம், "பத்துக்கு ஒன்பது ட்ரேட் லாபம்" என்ற எண்ணிக்கை. மேலே உள்ள உதாரணத்திலும் விற்ற ஆறு ஆப்ஷன்களில் நான்கு லாபம்! பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: கையிருப்புப் பணம், பங்குகளின் இன்றைய சந்தை மதிப்பு, இரண்டையும் கூட்டி, திறந்திருக்கும் ஆப்ஷனைத் திரும்ப வாங்க ஆகும் செலவைக் கழித்தால் வருவது. அதை மாதக் கடைசியில் எழுதி, பக்கத்திலேயே, முதல் நாள் அதே பணத்துக்குப் பங்கை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எழுதுங்கள்.

பிரீமியம் கொழுத்திருக்கிறதே என்று பங்கைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. பிரீமியம் பெரிதாக இருப்பதே, சந்தை ஏதோ ஒரு பெரிய அசைவை எதிர்பார்க்கிறது என்பதற்குத்தான். பெரும்பாலும் அந்த எக்ஸ்பைரிக்குள் காலாண்டு முடிவு இருக்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று இன்டெல் 29.05 டாலரில் முடிந்தது. அன்று மாலை முடிவுகளோடு, டிவிடெண்டை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. மறுநாள் 21.48. அன்றைய எக்ஸ்பைரிக்கு 28 புட் விற்றிருந்தவர் 100 பங்குக்கு 652 டாலர் பள்ளத்தில் பங்கை வாங்க வேண்டியிருந்தது, பிரீமியம் மட்டும்தான் ஆறுதல். அதன் பிறகு அந்தப் பங்கு 28-ஐ மீண்டும் தாண்ட ஓராண்டுக்கும் மேல் ஆனது. புட் விற்கும் முன் எக்ஸ்பைரி தேதியையும் முடிவு வரும் தேதியையும் ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை.

விழுந்த பிறகு "ரோல் பண்ணிக்கொள்ளலாம்" என்பார்கள், அதாவது இந்தப் புட்டைத் திரும்ப வாங்கிவிட்டு அடுத்த மாதப் புட்டை விற்பது. பங்கு 38-ல் நிற்கும்போது 48 புட்டைத் திரும்ப வாங்கக் குறைந்தது 10 டாலர் ஆகும். அடுத்த மாத 48 புட்டும் ஏறக்குறைய அதே விலைக்குத்தான் போகும், ஏனென்றால் இவ்வளவு ஆழத்தில் கால மதிப்பு என்று எதுவும் மிஞ்சாது. அசைன்மென்டைத் தள்ளிப்போடலாம், அவ்வளவே. அதுவும் நிச்சயமில்லை, எக்ஸ்பைரிக்கு முன்பே எந்த நாளும் பங்கு வந்து சேரலாம். ஸ்ட்ரைக்கை 45-க்கு இறக்க நினைத்தால் கைக்காசு சுமார் 3 டாலர் போட வேண்டும். நஷ்டத்தை ஒப்புக்கொண்டு புது ட்ரேட் போடுவது அது. தெரிந்து செய்தால் தவறில்லை.

அப்படியானால் 38-ல் பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கேள்வி போதும்: கையில் பங்கே இல்லாமல் 3,800 டாலர் பணமாக இருந்தால், இன்று இதை வாங்குவேனா? மாட்டேன் என்றால் விற்றுவிட வேண்டும்; கால் விற்றுக்கொண்டு காத்திருப்பது தீர்வாகாது. வாங்குவேன் என்றால், மீட்சியைக் கையை விட்டுவிடாமல் இருக்க வேண்டும். 200 பங்கு இருந்தால் 100-க்கு மட்டும் கால் விற்று மீதியைத் திறந்து விடலாம். 100-தான் இருக்கிறது என்றால் கால் விற்காமலேயே சில வாரம் விடலாம். அந்த வாரங்களில் பிரீமியம் இழப்பதுதான் அதற்கான விலை.

அமெரிக்காவில் வரி கட்டுபவர்களுக்கு இன்னொரு பொறி. 40-க்கு நஷ்டத்தில் பங்கு போன 30 நாளுக்குள், புதிதாக விற்ற புட்டில் அதே பங்கு திரும்பி வந்தால், வாஷ் சேல் விதிப்படி அந்த நஷ்டத்தை இப்போது கழிக்க முடியாது. புதுப் பங்கின் அடக்க விலையில் சேர்ந்துவிடும். டிசம்பரில் சக்கரம் சுற்றுபவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த புட்டை விற்பது நல்லது.