ஆட்டிசம் உறுதியான பிறகு பெற்றோருக்கான கடிதத்தை எழுதுவது எப்படி?

நேரில் விளக்கும்போது பெற்றோர் அதிர்ச்சியில் இருப்பார்கள். சொன்னதில் பாதி மனத்தில் தங்காது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் அந்தக் கடிதம் பாட்டியிடமும் பாலர்பள்ளி ஆசிரியையிடமும் போகும். அதனால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முழு மருத்துவ அறிக்கை தனியாக இருக்கட்டும்.

மூன்று வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம்.

1. முடிவை முதல் வரியில் சொல்லுங்கள். “உங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை உறுதி செய்திருக்கிறோம்.” மனம் நோகக்கூடாதென்று “ஆட்டிசம் போன்ற சில அறிகுறிகள்” என எழுதினால், வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திருப்பார்கள். பயிற்சி தள்ளிப்போகும்.

2. பார்த்ததை எழுதுங்கள். “சமூகத் தொடர்பாடல் குறைபாடு” என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்:

“பல தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. காது பரிசோதனையில் கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது. மைலோ வேண்டுமென்றால் அம்மாவின் கையை இழுத்துப்போய் டின் மேல் வைக்கிறான். விரலால் காட்டுவதில்லை, அம்மாவின் முகத்தையும் பார்ப்பதில்லை. போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குகிறான்; ஒன்றை நகர்த்தினாலும் வெகுநேரம் அழுகிறான். படப்புதிரை உதவியில்லாமல் சேர்த்துவிடுகிறான்.”

காது பரிசோதனை வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், “காதில்தான் கோளாறு” என்று உறவினர் யாராவது சொல்ல, குடும்பம் வேறு பக்கம் அலையும். பிள்ளைக்கு நன்றாக வரும் ஒன்றையும் உண்மையாக எழுதுங்கள். பயிற்சி அதிலிருந்துதான் தொடங்கும்.

3. நிலை எண்ணை விளக்காமல் விடாதீர்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த DSM-5 என்ற மனநல வகைப்பாட்டில் 1, 2, 3 என்பவை எவ்வளவு உதவி தேவை என்பதைக் குறிக்கின்றன. “இரண்டாம் நிலை” என்று மட்டும் எழுதினால், புற்றுநோய் முற்றுவதுபோல அடுத்தது மூன்றாம் நிலை என்று பயந்துவிடுவார்கள். “இப்போது அவனுக்குத் தினமும் கணிசமான உதவி தேவை. வளரும்போது இந்த அளவு மாறலாம்” என்பது போதும்.

4. பழியை நீக்குங்கள். அம்மா கேட்காவிட்டாலும் எழுதுங்கள்: “நீங்கள் வளர்த்த விதத்தாலோ தடுப்பூசியாலோ இது வரவில்லை.” வீட்டில் மற்றவர்கள் படிப்பதும் இந்த வரியைத்தான்.

5. அடுத்து செய்யவேண்டியவை மூன்றைத் தாண்டக்கூடாது. முதலில் பேச்சுப் பயிற்சி, அடுத்து அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, யாரைக் கேட்பது என்பதை எழுதுங்கள். மூன்றாவது, சமூகநல இலாகாவில் ஓகேயூ எனப்படும் மாற்றுத்திறனாளி பதிவு. பாரத்தில் மருத்துவர் உறுதிசெய்யும் பகுதி உண்டு. ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அட்டையைப் பார்த்ததும் பிள்ளைக்கு இன்னொரு குறை இருக்கிறது என்று நினைப்பார்கள். பதிவு கட்டாயமில்லை, பெற்றோரே முடிவு செய்யலாம்.

6. கொடுக்கும் முன் சோதியுங்கள். இத்துறையைச் சாராத ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, “பெற்றோர் முதலில் எங்கே போகவேண்டும்?” என்று கேளுங்கள். அவர் தேடினாலோ தடுமாறினாலோ, ஐந்தாம் பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.