வரும் செய்தியைப் போனே படித்துச் சொல்ல: ஆண்ட்ராய்டில் செய்யும் முறை

கண் பார்வை குறைந்தவர்களுக்குப் போனில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் டாக்பேக், அதாவது திரையில் தொடுவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் ஆண்ட்ராய்டு வசதி. முழுக்கப் பார்வை இல்லாதவர்களுக்கு அது நல்ல கருவிதான். ஆனால் படமும் நிறமும் தெரிகிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்பவர்களுக்கு அது தொல்லை. அதைப் போட்டதும் ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு, ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரல் என்று போனைத் தொடும் முறையே மாறிவிடும். எழுபது வயதில் எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டும். வந்த செய்தியை மட்டும் போன் வாய்விட்டுச் சொன்னால் போதும் என்றால், அதற்கு ஒரு சின்ன ஆப் போதும்.

அந்த ஆப்பின் பெயர் Voice Notify. இலவசம், பிளே ஸ்டோரில் கிடைக்கிறது. திரையின் மேல்பக்கம் வந்து விழும் அறிவிப்புகளை எடுத்து, போனில் ஏற்கெனவே இருக்கும் குரலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதுதான் அதன் வேலை. என் அத்தையின் போனில் போட்ட அமைப்பையே இங்கே சொல்கிறேன். அவருக்குக் குடும்பத்தார் அனுப்பும் வாட்ஸ்அப்பும் பேங்க் எஸ்எம்எஸ்ஸும் காதில் விழ வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் தமிழ்க் குரல்

ஆப்பைப் போடும் முன் இதை முடித்துவிடுங்கள். போனின் குரல் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வந்த செய்தியைச் சரியாகப் படிக்காது. சில சமயம் அனுப்பியவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

`Settings` போய், தேடும் இடத்தில் `Text-to-speech` என்று அடியுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனிலும் அது ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருப்பதால் தேடுவதே சுலபம். அங்கே எஞ்சினாகக் கூகுளுடையதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி, `Install voice data` என்பதில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டால் நெட் இல்லாதபோதும் பேசும். பிறகு மொழியைத் தமிழ் என்று மாற்றி, வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதைக் கேட்கப்போகிறவரே சொல்லட்டும். நமக்குச் சரியாகப்படும் வேகம் அவர்களுக்கு ஓட்டமாக இருக்கும்.

ஆப்புக்கு அனுமதி

ஆப்பைத் திறந்ததும் அறிவிப்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும். அனுமதிப் பக்கத்தில் Voice Notify பெயருக்கு எதிரே உள்ள பொத்தானைப் போடுங்கள். வரும் எல்லா அறிவிப்பையும் இந்த ஆப் படிக்கலாம் என்று போன் எச்சரிக்கும். அது உண்மையான எச்சரிக்கைதான். அதனால்தான் முன்பின் தெரியாத ஆப்புக்கு இந்த அனுமதியைக் கொடுக்கக் கூடாது. பிளே ஸ்டோரை விட்டு வேறு வழியில் ஆப்பைப் போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 13-லிருந்து இந்தப் பொத்தான் மங்கலாக, தொட முடியாமல் இருக்கக்கூடும்.

அனுமதி கொடுத்தவுடன் போன் எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கும். சார்ஜ் ஏறுவது, ஆப் அப்டேட் ஆவது, சமையல் சேனலில் புது வீடியோ வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லும். பலர் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் ஆப்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது

`App List` என்பதைத் திறந்தால் போனில் உள்ள ஆப்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் வரும் ஆப் இரண்டை மட்டும் விடுங்கள். பாதி இரைச்சல் இதிலேயே போய்விடும்.

மீதிப் பாதி வாட்ஸ்அப் குரூப்புகள். அத்தை இருக்கும் குடியிருப்போர் குரூப்பில் காலை வணக்கமே முப்பது வரும். மியூட் செய்தால் சத்தம்தான் நிற்கும், அறிவிப்பு மேலே வரலாம், ஆப் அதையும் படித்துவிடும். அந்தக் குரூப்பை அழுத்திப் பிடித்து ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்த குரூப்பில் யாராவது நம் பெயரைக் குறிப்பிட்டாலோ நமக்குப் பதில் போட்டாலோ தவிர அறிவிப்பு வராது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் `Keep chats archived` போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். குரூப் எங்கும் போகாது. யாராவது வீட்டுக்கு வரும்போது திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, சொல்லை வைத்து வடிகட்டுவது. `Ignore Text` என்ற இடத்தில் ஒரு வரிக்கு ஒன்றாக இவற்றை எழுதினேன்:

```
messages from
Checking for new messages
OTP
```

முதல் வரி, "5 messages from 2 chats" என்று வாட்ஸ்அப் போடும் கணக்கு அறிவிப்பைத் தடுக்க. இரண்டாவது வரி, புதுச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கும்போது வாட்ஸ்அப் போடும் அறிவிப்பைத் தடுக்க. மூன்றாவது வரி பாதுகாப்புக்கு. கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது ஓடிபி எண்ணைப் போன் உரக்கச் சொல்லக் கூடாது. ஆண்ட்ராய்டு 15-லிருந்து இத்தகைய ஆப்களிடம் ஓடிபியைப் போனே மறைத்துவிடுகிறது. பழைய போனுக்கு இந்த வரி அவசியம்.

விளம்பர எஸ்எம்எஸ்ஸை இங்கே சொல் சொல்லாகத் துரத்த வேண்டாம். இந்தியாவில் என்றால் அந்தப் போனிலிருந்தே 1909-க்கு `START 0` என்று அனுப்புங்கள். கம்பெனி விளம்பரங்கள் வெகுவாகக் குறையும்.

என்ன வரிசையில் சொல்ல வேண்டும்

`TTS Message` என்பதில் சில குறிகள் இருக்கும். `#A` என்றால் ஆப்பின் பெயர், `#C` தலைப்பு, அதாவது அனுப்பியவர் பெயர், `#M` செய்தி. ஒவ்வொரு முறையும் "வாட்ஸ்அப்" என்று கேட்பது சீக்கிரமே சலித்துவிடும். நான் வைத்தது:

```
#C. #M
```

நடுவில் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் பெயருக்குப் பிறகு குரல் கொஞ்சம் நின்று பேசும். ஒரே செய்தியை இரண்டு தரம் படித்தால் `Ignore Repeats` என்பதில் சில வினாடிகள் கொடுங்கள். தூங்கும் நேரத்துக்கு `Quiet Time` வையுங்கள். வெளியே போகும்போது செய்தி ஊருக்கே கேட்க வேண்டாம் என்றால், இயர்போன் போட்டிருக்கும்போது மட்டும் பேசும்படி `Device States` என்பதில் மாற்றலாம்.

திடீரென்று பேசாமல் போனால்

காலையில் பேசியது, மதியம் பேசவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு. பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் நிறுத்திவிடுகிறது. `App info` போய் பேட்டரியில் `Unrestricted` என்று வையுங்கள். ஷியோமி, ரெட்மி போன்களில் `Autostart`-ஐயும் போட வேண்டும்.

அதற்குப் பிறகும் பேசவில்லை என்றால் `Notification Log`-ஐப் பாருங்கள். வந்த அறிவிப்பு அங்கே இருந்தால் ஆப் வேலை செய்கிறது. வடிகட்டியதால் விட்டதா, குரல் அமைப்பில் கோளாறா, ஒலி குறைந்திருக்கிறதா என்று தேடலாம். வீடியோ பார்க்கும்போது குறைத்த மீடியா ஒலியை அப்படியே விட்டிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் அனுமதியோ பேட்டரியோதான். பெயரும் செய்தியும் சொல்லாமல் "புதுச் செய்தி" என்ற அளவில் நிறுத்தினால், வாட்ஸ்அப் ஆப் லாக்கில் அறிவிப்பில் உள்ளடக்கத்தைக் காட்டாதே என்று இருக்கும்.

சில விஷயங்களை இந்த ஆப்பால் செய்ய முடியாது. வாய்ஸ் மெசேஜ் வந்தால் வந்தது என்று மட்டும் சொல்லும், போட்டுக் காட்டாது. படத்தில் எழுதி அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைப் படிக்காது. "saptacha, eppo varinga" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தால் குரல் கடித்துக் குதறிவிடும். இதற்கு மருந்து அத்தையின் போனில் இல்லை, அனுப்புகிறவர்கள் போனில் இருக்கிறது. ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து `abc → தமிழ்` முறையை எடுத்தால் அதே ஆங்கில விசையில் அடிப்பது தமிழாக விழும். பேரன், பேத்தி எல்லார் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.