காலர் 16, கை 34/35: சட்டை அளவில் நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க முழுக்கைச் சட்டைகளின் காலர் உள்பக்கம் 16 – 34/35 என்பது போல எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் கழுத்துச் சுற்றளவு, அடுத்தது கை நீளம், இரண்டும் அங்குலத்தில். நம் ஊர்த் தையற்கடையில் கை அளவு 24, 25 என்று எழுதிப் பழகியவர்கள் இந்த 34-ஐப் பார்த்து மிரண்டு, கை நீளம் குறைவான சட்டையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இந்த எண்ணில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான்.

நம் தையற்காரர் தோள்பட்டையின் ஓரத்தில், கை தைக்கும் இடத்திலிருந்து மணிக்கட்டு வரை அளக்கிறார். அமெரிக்க அளவோ பின்கழுத்தின் நடுவே, தலை குனிந்தால் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பில் தொடங்குகிறது. அங்கிருந்து தோள் ஓரம் வரை, பிறகு முழங்கையின் வெளிப்புறமாக மணிக்கட்டு எலும்பு வரை டேப் போகிறது. பின்கழுத்து நடுவிலிருந்து தோள் ஓரம் 9 அங்குலம், அங்கிருந்து மணிக்கட்டு 25 அங்குலம் என்றால் மொத்தம் 34. அளக்கும்போது கையை இடுப்பில் வைத்து லேசாக மடக்கியிருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் அளவு குறைந்துவிடும். மேசையில் கையை நீட்டும்போது கஃப் மணிக்கட்டைத் தாண்டி மேலேறும். இந்த அளவைத் தனியாக எடுக்க முயலாதீர்கள், டேப் நழுவிவிடும். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

34/35 என்பதை 34 ஒரு கைக்கு, 35 மறு கைக்கு என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டு கையும் ஒரே நீளம்தான். அந்த ஒரு சட்டை 34 அளவுக்காரருக்கும் 35 அளவுக்காரருக்கும் போதும் என்பதே பொருள். கை பெரும்பாலும் பெரிய எண்ணை ஒட்டியே வெட்டப்படுவதால், 34 அளவுக்காரர் கஃப்பை இறுக்கமாகப் போட வேண்டும். இத்தகைய சட்டைகளின் கஃப்பில் பெரும்பாலும் அருகருகே இரண்டு பட்டன்கள் இருப்பது அதற்காகத்தான். உட்பக்கப் பட்டனில் மாட்டினால் கஃப் மணிக்கட்டிலேயே நின்றுவிடும், உள்ளங்கைக்கு இறங்காது.

கழுத்து அளவுக்கு வருவோம். காலர் உட்காரும் இடம் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே. பலர் டேப்பைக் கழுத்தின் நடுப்பகுதியில் சுற்றுகிறார்கள். அங்கே கழுத்து ஒடுங்கியிருக்கும், சட்டை இறுகிவிடும். சரியான இடத்தில் டேப்பை அழுத்தாமல் ஒட்டிச் சுற்றி, வந்த அளவுடன் அரை அங்குலம் சேர்க்க வேண்டும். அல்லது டேப்புக்குள் ஒரு விரல் விட்டு அளக்கலாம். விரலையும் விட்டு அரை அங்குலத்தையும் சேர்த்தால் காலர் தொளதொளத்துப் போகும். டை கட்டியதும் காலர் சுருங்கி, இரண்டு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கழுத்தை ஒட்டி அளந்தால் 15¼ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை அங்குலம் சேர்த்தால் 15¾. அமெரிக்கச் சட்டைகள் பெரும்பாலும் அரை அங்குலப் படிகளில் வருவதால், 15½ எடுப்பதா 16 எடுப்பதா என்ற கேள்வி வரும். தயங்காமல் 16 எடுங்கள். பருத்தித் துணி சலவையில் இரண்டு சதவீதம் சுருங்கினாலே இந்த அளவுக் காலரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு அங்குலம் போய்விடும். 15½ காலர் அப்படிச் சுருங்கினால் கழுத்தில் தடம் பதிக்கும்.

அதே 15¾ அங்குலம் 40 சென்டிமீட்டர். இந்தியாவில் பல நிறுவனங்களின் ஃபார்மல் சட்டைகளில் 39, 40, 42, 44 என்று இருப்பது சென்டிமீட்டரில் காலர் அளவுதான். அதை மார்பளவு என்று நினைத்து, மார்பு 40 அங்குலம் என்பதற்காக 40 வாங்குகிறவர்கள் ஏராளம். கழுத்தும் 40 சென்டிமீட்டராக அமைந்தவருக்கு மட்டும் அது பொருந்தும். லேபிளில் பக்கத்தில் அங்குல அளவும் இருக்கிறதா பாருங்கள். எல்லா நிறுவனமும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை.

நன்றாகப் பொருந்தும் சட்டை ஏற்கெனவே இருந்தால் கழுத்தை அளக்கவே தேவையில்லை. காலர் பட்டனைத் திறந்து, காலரைத் தட்டையாக விரித்து, பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் வெளி ஓரம் வரை அளந்தால் போதும். காலரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளக்கக் கூடாது. பட்டன் போட்டதும் ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதியும் அதில் சேர்ந்துவிடும். இந்த அளவுடன் அரை அங்குலம் சேர்க்கவும் கூடாது, தளர்வு ஏற்கெனவே அதில் அடக்கம்.