கஞ்சத்தனம் பண்ணினால் கஞ்சிதான்: சிவப்புப் புழுங்கல் அரிசி வடிப்பதில் வரும் தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூவருமே கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆன பிள்ளைகள். வீட்டில் யாருக்கோ இனிப்புநீர். டாக்டர் வெள்ளைச் சோற்றைக் குறைக்கச் சொன்னதும், பசாரில் 5 கிலோ சிவப்பரிசிப் பை வாங்கி வந்திருக்கிறார்கள். மூன்று சட்டியிலும் ஒரே கதைதான். மேலே களி, கடித்தால் உள்ளே மணல். "அக்கா, இந்த அரிசியே சரியில்லை" என்றாள் ஒருத்தி. அரிசிமேல் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதே சட்டியோடு என் மாமியார் முன்னால் நின்றவள்தான்.

அரிசியைக் கல் பார்க்க வேண்டும், மூன்று நான்கு தண்ணீரில் களைய வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வேறு அரிசியை வாங்கி வருவது

கடையில் 'பெராஸ் மேரா' என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்புப் பச்சரிசிதான் கையில் வரும். அது நெல்லைப் புழுக்காமல் குத்தியது. நாம் பேசுவது நெல்லை ஊறவைத்து, ஆவியில் புழுக்கி, காயவைத்துக் குத்திய அரிசி. மலையாளிகள் மட்டை என்பார்கள், யாழ்ப்பாணத்தார் குத்தரிசி என்பார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு மணியைக் கடித்து உடைத்துப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்புபோல் வெள்ளையாக இருந்தால் பச்சரிசி. கண்ணாடிபோல் மங்கலாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருந்தால் புழுங்கல். புழுக்கும்போதே மாவு ஒருமுறை இளகி இறுகிவிடுவதால்தான் இந்த மணி கெட்டியாக இருக்கிறது, அதனால்தான் நீண்ட நேரக் கொதியைத் தாங்குகிறது. கீழே நான் சொல்லும் நேரக்கணக்குப்படி பச்சரிசியைக் கொதிக்கவிட்டால் கூழ்தான் மிஞ்சும்.

தண்ணீரை அளந்து ஊற்றுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கிற தவறு. ரைஸ் குக்கரில் பழகிய கை, விரல் கணுவை வைத்துத் தண்ணீர் பார்க்கும். குக்கரில் ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் அரிசிக்குள் போக வேண்டும், அங்கே அளவு சரிதான். வடிக்கிற சோற்றுக்கு அந்தக் கணக்கு கிடையாது. உலையில் அரிசி நீந்த வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் பால் டின்தான் அளவு. கெட்டிப்பால் டின் ஒன்றில் அரிசி தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய கால் கிலோ. ஐந்தாறு பேருக்கு 2 டின், அதாவது அரைக் கிலோ, என்று வைத்துக்கொள்வோம். வெந்து முடிப்பதற்குள் இந்த அரிசி சுமார் 3 டின் தண்ணீரைக் குடிக்கும். திறந்த சட்டியில் முக்கால் மணிநேரம் கொதித்தால் ஆவியாகவே இன்னொரு 3 டின் போய்விடும். ஆக, ஒன்றுக்கு மூன்று என்று 6 டின் ஊற்றினால் வடிக்க ஒரு சொட்டும் மிஞ்சாது. ஒன்றுக்கு நான்கு ஊற்றினால் 2 டின் மிஞ்சும், ஆனால் அரிசியிலிருந்து கழன்ற மாவு முழுவதும் அந்த 2 டின்னுக்குள் அடைந்து பசையாகிவிடும். அது வடியாது. சட்டியைச் சாய்த்தால் சோற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். சூடான பசைக்குள் உட்கார்ந்த சோறு, அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும். குழைவு அங்கேதான் ஆரம்பம்.

அதனால் என் கணக்கு ஒன்றுக்கு ஆறு. 2 டின் அரிசிக்கு 12 டின், ஏறக்குறைய மூன்றரை லிட்டர். சட்டி 6 லிட்டருக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். இதைவிட ஒரு டின் கூடப் போய்விட்டால் கவலை இல்லை, வடிக்கிற தண்ணீர்தானே.

நான் இதைப் படித்தது ஒரு பதினாறாம் நாள் காரியத்தில். என் கணவரின் தாத்தா இறந்திருந்தார். அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். என் மாமியார் கல்யாணத்துக்கு முன்பு ஒரு மலையாளிக் கிராணி வீட்டில் சமைத்தவர், சிவப்பரிசி வடிப்பதில் அவர் கையைத் தோட்டமே மெச்சும். அன்றைக்கு அவர் சடங்கு வேலையில் இருந்ததால், 40 பேருக்கு 4 கிலோ அரிசியை நானே உலையில் போட்டேன். 16 டின் அரிசி. விறகடுப்பில் அத்தனை தண்ணீர் காயக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் 48 டின்னோடு நிறுத்திவிட்டேன். ஒன்றுக்கு மூன்று.

அரை மணிநேரத்தில் அண்டாவில் கொப்புளம் பெரிதாக, சோம்பலாக, பளக் பளக் என்று வெடிக்க ஆரம்பித்தது. கஞ்சி கெட்டியாகிவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம். எனக்கு அப்போது தெரியவில்லை. பதறிப்போய் குழாயிலிருந்து ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரைப் பிடித்துக் கொட்டினேன். கொதி அப்படியே அடங்கிவிட்டது. கொதி இருக்கும்வரை அதுவே மணிகளைத் தூக்கித் தூக்கிப் போடும், ஒன்றும் அடியில் ஒட்டாது. கொதி நின்றதும் 4 கிலோ அரிசியும் அடியில் போய் உட்கார்ந்தது. அடிப்பிடிக்கிற வாசனை வந்ததும் அகப்பையை விட்டுக் கிண்டினேன். ஊறி மெத்தென்றிருந்த மேல்பாகம் உராய்ந்து உரிந்தது, நடுவே வேகாத கரு நின்றது. மறுபடி கொதி வருவதற்குள் பாதி மணி உடைந்துவிட்டது. சாய்த்துப் பிடித்தால் ஒரு கிண்ணம் கஞ்சிகூட வடியவில்லை.

மாமியார் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "தண்ணிக்கு யாரும்மா காசு கேட்டா?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பந்தியில் பக்கத்து வீட்டுக் குக்கர்களில் அவசரமாகப் பொங்கிய வெள்ளைச் சோறு. காரியத்துக்கு வந்த ஒரு பெரியம்மா அதை இன்னும் மறக்கவில்லை. போன தீபாவளிக்கும் கேட்டார்.

ஆகவே உலை வைக்கும்போதே பக்கத்து அடுப்பில் ஒரு கெண்டியில் தண்ணீர் கொதிக்கட்டும். கஞ்சி கெட்டியாகிற சத்தம் கேட்டால் அந்தக் கொதிதண்ணீரை ஊற்றுங்கள். நடுவில் பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது.

கடிகாரத்தை மட்டும் நம்புவது

ஊறவைக்காத அரிசி என்றால் 40 முதல் 50 நிமிடம் கேட்கும். ஒரு மணிநேரம் ஊறினால் 30, 35 நிமிடம். இரவே ஊறப்போட்டால் 20, 25 நிமிடத்திலேயே பதம் வந்துவிடலாம். அரிசி போட்டதும் அடங்குகிற உலை மறுபடி கொதித்து எழுகிற நேரத்திலிருந்துதான் இந்தக் கணக்கு. ஆனால் புது அறுவடை அரிசி சீக்கிரம் குழையும், பழைய அரிசி கூடுதல் நேரம் பிடிக்கும். பையில் அதை யாரும் எழுதுவதில்லை. அதனால் சொன்ன நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்கி, பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அகப்பையில் நான்கு மணி எடுத்து, ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குங்கள். நடுவில் மணல்போல் ஒரு துளி தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. முழுதும் நசுங்கி, ஆனால் நசுங்குமுன் சின்னதாக முறுக்கிக்கொண்டால் அதுதான் வடிக்கிற பதம். முறுக்கே இல்லாமல் வெண்ணெய்போல் நசுங்கினால் தாமதித்துவிட்டீர்கள். வயிறு கொஞ்சம் பிளந்திருப்பது இந்த அரிசிக்கு இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெள்ளை வெளியே சுருண்டு, ஓரம் கரையத் தொடங்கினால்தான் ஆபத்து.

சாப்பிடுகிற பதத்தில் வடிக்கக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகள் கேட்க மறுக்கிறார்கள். வடித்த பிறகும் சோறு தன் சூட்டிலேயே பத்து நிமிடம் வேகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இடம்விட்டு வடியுங்கள்.

மூடி

கொதிக்கும்போது வேண்டாம்.

உப்பு

போடுவதாக இருந்தால் வடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. பாதி கஞ்சியோடு போய்விடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

விசில் குக்கர்

அதில் நடுவே மணியை எடுத்து நசுக்கிப் பார்க்க முடியாது. எனக்கு அது போதும் காரணம்.

வடித்துவிட்டு மறந்துபோவது

பதம் கண்டதும் அடுப்பை அணைத்து, ஒரு செம்புப் பச்சைத் தண்ணீரை உலையில் ஊற்றுங்கள். நடுவில் ஊற்றக் கூடாது என்று மேலே திட்டினேனே, அதே தண்ணீர் இந்த இடத்தில் நல்லது. கொதியை அடக்கும், கஞ்சியை இளக்கும். உடனே தட்டை அணைத்துப் பிடித்துச் சட்டியைச் சாய்த்து வைக்க வேண்டும். சொட்டு நிற்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். இதோடு நிமிர்த்திவிட வேண்டும். தொலைக்காட்சியில் நாடகம் முடியட்டும் என்று ஒரு மணிநேரம் கவிழ்த்தே வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றிச் சோறு வியர்த்துப் போகும்.

நிமிர்த்திய சட்டியின் மூடியை எடுத்து ஆவியை விடுங்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஒருமுறை குலுக்கினால் மணி பிரியும். கரண்டி போட்டுக் கிளற வேண்டாம். ஈரம் மிஞ்சியிருந்தால் மிகச் சிறிய தீயில் இரண்டு நிமிடம் வைத்து இறக்கலாம்.

வடிகஞ்சி பால்போல் ஓடி, அகப்பையின் பின்புறத்தில் மெல்லிய படலமாக நின்றால் தண்ணீரும் நேரமும் சரியாக அமைந்தது என்று அர்த்தம். கொட்ட வேண்டாம், உப்பும் சின்ன வெங்காயமும் போட்டால் மத்தியான வெயிலுக்கு ஒரு டம்ளர் போதும். துணிக்குக் கஞ்சி போட மட்டும் இதை எடுக்காதீர்கள். என் பையனின் வெள்ளைப் பள்ளிச்சட்டை ஒருமுறை இளஞ்சிவப்பாகி, அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குழைந்ததைத் திரும்பச் சோறாக்கப் பார்ப்பது

முடியாது. கொஞ்சம்தான் குழைந்திருக்கிறது என்றால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மேல் ஈரம் காய்ந்து ஓரளவு உதிரும். உள்ளே மணல், வெளியே களி என்று வந்தவளின் சட்டிக்கு அதுவும் உதவாது. அவளுக்கு நான் செய்துகொடுத்தது, அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாமியார் செய்த அதே வேலைதான். கொதிதண்ணீர் சேர்த்து, ஒரு கைப்பிடி வேகவைத்த பச்சைப்பயறு போட்டு, மணல் கரையும்வரை கொதிக்கவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பாலும் உப்பும். அன்று அந்த அண்டாக் கஞ்சியை லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் மங்கில் வாங்கிக்கொண்டு போனார்கள்.