முகம் தெரியாதவர் பதில் எழுத, கேள்வியைச் சுருக்குங்கள்

"செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்க நல்ல கொத்தனார் தெரிந்தால் சொல்லுங்கள்." இப்படிச் சமூக வலைதளத்தில் பொதுவில் கேட்டால் விருப்பக்குறிகள் வரும், பெயர் வராது. ஆத்தங்குடிக் கல் பதிப்பவரையா, ஓடு மாற்றுபவரையா, யாரைச் சொல்வது? படிப்பவருக்கே குழப்பம், "நல்ல" என்றதும் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் முகப்பில், பத்தடிக்கு எட்டடி அளவில் சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. முன்பு சிமெண்டால் ஒட்டுப்போட்டோம். அதைச் சுற்றியே மறுபடி உதிர்ந்தது. பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்பவரிடம் உங்கள் வீட்டில் வேலை வாங்கியிருக்கிறீர்களா? அவரிடம் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? தை மாதம் தொடங்க எண்ணம். கூலி அவர் சொல்வதைக் கேட்டுப் பேசிக்கொள்கிறோம்."

இங்கே கேள்வி கருத்தைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கிறது. வேலை வாங்கியவர் தயங்காமல் "ஆம்" என்பார். சிமெண்ட் பற்றிய வரி முக்கியம்: முயன்று பார்த்தவர் என்று தெரிந்தால்தான் விவரம் அறிந்தவர் நேரம் ஒதுக்குவார். இடம், அளவு, மாதம் தெரிவதால் தொழிலாளியிடம் அப்படியே சொல்லிவிடலாம். படம் இரண்டு போதும்: முழுச் சுவர் ஒன்று, உதிர்ந்த இடம் அருகில் ஒன்று.

தொழிலாளியின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் கேட்காதீர்கள். தனிச்செய்தியில், அவர் சம்மதத்தோடு வாங்குங்கள். "ஆலோசனையும் வேண்டும், கல்லும் எங்கே கிடைக்கும்" என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்தால், எளிதானதற்கு மட்டுமே பதில் வரும். அதைத் தனியாகக் கேளுங்கள்.