சிம் ரூட்டரில் சிவப்பு விளக்கு மாறாதபோது

புது சிம் போட்டும் வீட்டு 4ஜி ரூட்டரில் சிக்னல் விளக்கு சிவப்பாகவே இருந்தது. முதலில் அந்த சிம்மைக் கழற்றிக் கைப்பேசியில் போட்டேன். அதிலும் சேவை இல்லை. அப்படியானால் ரூட்டரை நோண்டிப் பயனில்லை. கடையில் விசாரித்தால், சரிபார்ப்பு அழைப்பு முடியாததால் சிம் இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லையாம். அதை முடித்ததும் கைப்பேசியில் நெட் ஓடியது, ரூட்டரில்தான் இல்லை.

உலாவியில் ரூட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1 திறந்து, சிக்னல் வலிமையைச் சொல்லும் `RSRP` பார்த்தேன். டிவி அலமாரிக்குள் -119 dBm. மாடி ஜன்னலோரம் வைத்ததும் -96 ஆனது. இது மைனஸ் கணக்கு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது.

அப்போதும் சிவப்புதான். மிச்சம், சிம் நிறுவனத்தின் இணைய வாசலைக் குறிக்கும் பெயரான `APN`. ரூட்டரில் முந்தைய சிம் நிறுவனத்தின் பெயரே கிடந்தது. 4ஜியில் நெட்வொர்க்கில் சேரும்போதே இது பார்க்கப்படும். தவறாக இருந்தால் சில நிறுவனங்கள் சேர்த்துக்கொள்வதே இல்லை. நமக்கோ சிக்னலே இல்லாத மாதிரி தெரியும். இந்த சிம் கைப்பேசியில் இருந்தபோது அதன் அமைப்புகளில் காட்டிய `APN` பெயரை எழுத்துப் பிசகாமல் புது ப்ரொஃபைலாகச் சேர்த்தேன். பயனர்பெயர், கடவுச்சொல் இரண்டும் காலி. அதையே `Default` ஆக்கிச் சேமித்து, ரூட்டரை அணைத்துப் போட்டதும் விளக்கு பச்சையானது.