நீடிப்புக் கேட்கும் மின்னஞ்சலில் விடுபட்டுப் போவது

மாரி மழையோடு வன்னியில் டெங்குக் காய்ச்சலும் வரும். அந்த நேரம் பார்த்துக் கூட்டுநிறுவன நிதிச் செயற்திட்டத்தின் ஒப்படைப்புத் திகதியும் வந்துவிட்டால், விரிவுரையாளருக்குப் போகும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: காய்ச்சல், வாந்தி, தலையிடி பற்றி எட்டு வரி, கடைசியில் "கொஞ்ச நாள் தாருங்கோ சேர்".

நோய் விவரிப்புக்கு ஒரு வரி போதும். சேலைன் ஏற்றிய கையின் படமும் தேவையில்லை. எவ்வளவு வேலை முடிந்தது, எது மிச்சம், எந்தத் திகதி வேண்டும் என்பவை இல்லாவிட்டால் அவரால் முடிவெடுக்க முடியாது.

திகதியைக் குத்துமதிப்பாகப் போடுவது அடுத்த பிழை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும், திங்கள் முதல் வைத்தியசாலையில் இருக்கிறீர்கள் என்று வைப்போம். மிச்சமிருக்கும் கணிப்புகளைப் பாருங்கள்: உரிமை மூலதனக் கிரயத்தைக் கணிக்காமல் நிறையேற்றிய சராசரி மூலதனக் கிரயம் வராது. கழிவீட்டு வீதமாக அதைத்தான் எடுக்கிறோம் என்பதால், அது வராமல் தேறிய நிகழ்காலப் பெறுமதியும் வராது. ஒன்றை முடித்துத்தான் மற்றதைத் தொடலாம். இதற்கு மூன்று நாள் என்றால், டெங்கு விட்டபிறகும் இருக்கும் அசதிக்கு இன்னும் சில நாள் சேர்த்து ஒரு கிழமை கேளுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் கேட்டவர்கள்தான் இரண்டாம் முறையும் எழுத நேர்கிறது. அந்த இரண்டாவது வேண்டுகோளுக்குச் சம்மதம் கிடைப்பது கடினம்.

சான்றிதழ் கையில் வரட்டும் என்று காத்திருப்பது எல்லாவற்றிலும் மோசமானது. காலக்கெடு தாண்டியபிறகு போவது வேண்டுகோள் அல்ல, விளக்கம். கைத்தொலைபேசியிலிருந்தே புதன்கிழமை இப்படி அனுப்பலாம்:

பொருள்: கூட்டுநிறுவன நிதிச் செயற்திட்டம் – கால நீடிப்பு வேண்டுகோள் – (பதிவிலக்கம்)

மதிப்பிற்குரிய சேர்,
டெங்குக் காய்ச்சலால் திங்கட்கிழமை முதல் கிளிநொச்சி வைத்தியசாலையில் இருக்கிறேன். இதனால் வரும் வெள்ளிக்கிழமை செயற்திட்டத்தை ஒப்படைக்க இயலவில்லை. ஐந்து ஆண்டு நிதிக்கூற்றுப் பகுப்பாய்வும் கடன் மூலதனக் கிரயமும் முடிந்துள்ளன, அவற்றை இணைத்துள்ளேன். உரிமை மூலதனக் கிரயமும் தேறிய நிகழ்காலப் பெறுமதியும் எஞ்சியுள்ளன. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை 4 மணிவரை நீடிப்புத் தருமாறு பணிவுடன் கேட்கிறேன். மருத்துவச் சான்றிதழை வீடு திரும்பியதும் அனுப்புவேன்.
நன்றி.
(பெயர், பதிவிலக்கம்)

ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒழுங்கு இதேதான். "தருவீர்கள் என்று நம்பி வேலையைத் தொடர்கிறேன்" என்று முடிப்பதைத் தவிருங்கள். பதில் வருமுன்னே அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்ட தொனி அதில் இருக்கிறது.

குழுச் செயற்திட்டம் என்றால், மற்றவர்களின் பகுதி உரிய நாளில் வருமா, முழுக் குழுவுக்கும் நீடிப்பு வேண்டுமா என்பதைத் தெளிவாக எழுதி, அவர்களுக்கும் பிரதி அனுப்புங்கள். சான்றிதழ் கிடைத்ததும் அதிலுள்ள திகதிகள் மின்னஞ்சலில் சொன்ன நாட்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் மாறியிருந்தாலும் அதைத் திருத்தி, பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பிவிடுங்கள்.